மதுரையின் சொற்போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்: போர்ச் சட்டத்தைப் பிணக்கணக்காக்காதீர்கள்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களே, நடுவர் பெருமக்களே,

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போட்டிகளுக்கு நீங்கள் அன்போடு அழைக்கும்போதெல்லாம் நடுவராக வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேசத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தெடுப்பதில் இந்த ஊருக்கு ஈடு இல்லை. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உலகில் எங்கே குண்டு விழுந்தாலும் அடுத்த மாதமே நம் மேடைகளில் அது தலைப்பாகிவிடுகிறது. அதில் தவறில்லை. வாதம் போகும் வழியில்தான் தவறு இருக்கிறது. ஒரு பிள்ளை எழுந்து, இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர், ஆகவே இது விகிதாசாரம் மீறிய தாக்குதல் என்கிறது. எதிரணிப் பிள்ளை எழுந்து, முதலில் கொன்றது யார் என்று கேட்கிறது. மணி அடிக்கிறது. பெரிய எண்ணைச் சொன்ன அணிக்குக் கைத்தட்டலும், மதிப்பெண் தாளில் ‘ஆதாரம்’ என்ற கட்டத்தில் முழு மதிப்பெண்ணும் விழுகின்றன. சட்டம் கேட்கும் கேள்வி எதையும் அரங்கில் யாரும் கேட்பதில்லை.

போர்ச் சட்டம் இரு தரப்புப் பிணங்களையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுப்பதில்லை. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977ஆம் ஆண்டில் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறை, 51ஆம் பிரிவில் வைக்கும் தராசு வேறு. ஒரு தட்டில், இந்தத் தாக்குதலால் பொதுமக்களுக்கு நேரும் என்று தாக்குவதற்கு முன் எதிர்பார்க்கக்கூடிய சாவும் காயமும் சேதமும். மறு தட்டில், இதே தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் திட்டவட்டமான, நேரடியான இராணுவப் பயன். முதலாவது இரண்டாவதை மிஞ்சும் என்றால் தாக்கக் கூடாது. தாக்குகிறவனின் தரப்பில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இந்தத் தராசில் இடமே கிடையாது. போரை யார் தொடங்கினார்கள் என்பதற்கும் இடமில்லை. ஒரு குண்டு, அதன் இலக்கு, அதைப் போடச் சொன்னவருக்கு அந்த நேரத்தில் தெரிந்ததும் தெரிந்திருக்க வேண்டியதும்: இவ்வளவுதான் விசாரணைக்குரியவை.

இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லையே என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் மடக்குவார்கள். உண்மைதான், சேரவில்லை. ஆனால் இந்த விதி, நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் உருவான வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான போரில் மட்டுமின்றி, அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையிலான போரிலும் அப்படியே. ஆகவே அந்த வாதத்தோடு தப்ப முடியாது.

விதியைச் சொல்லிவிட்டுப் போனால் மேடையில் பயன்படாது. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, நடுவர்கள் எப்படி யோசிக்க வேண்டும் என்று நான் நினைப்பதை எழுதுகிறேன். வேண்டுமென்றே நமக்குத் தூரமான ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரத்தம் கொதிக்காமல் படிக்க முடிந்தால்தான் விதி கண்ணுக்குத் தெரியும்.

2009 செப்டம்பர் 3. ஆப்கானிஸ்தானின் வடக்கே, குந்தூஸ் பகுதியில், எரிபொருள் ஏற்றி வந்த இரண்டு டேங்கர் லாரிகளைத் தலிபான்கள் கடத்தினார்கள். குந்தூஸ் ஆற்றைக் கடக்கும்போது இரண்டும் மணல்திட்டில் சிக்கிக்கொண்டன. ஜெர்மன் படை முகாமிலிருந்து அந்த இடம் சுமார் ஏழு கிலோமீட்டர். லாரியை நகர்த்த வேண்டுமென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். அதனால் சுற்றியிருந்த கிராமத்தாரை எரிபொருள் எடுத்துப் போகக் கூப்பிட்டார்கள். ரமலான் மாதம். இரவிலும் ஊர் விழித்திருந்தது. கேனும் குடமுமாக ஆட்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். சிறுவர்களும் போனார்கள்.

முகாமில் பொறுப்பில் இருந்தவர் கர்னல் கேயார்க் கிளைன். அவருக்கு முன்னால் ஒரு திரை. மேலே பறந்த அமெரிக்க விமானங்களின் அகச்சிவப்புக் கேமரா அனுப்பிய படம் அதில் ஓடியது. இரண்டு லாரிகள், அவற்றைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மனிதர்கள். அந்தப் படத்தில் மனித உடலின் வெப்பம் தெரியும். தோளில் தொங்குவது துப்பாக்கியா, கையில் இருப்பது கேனா, நிற்பவனுக்கு வயது முப்பதா பன்னிரண்டா என்பது தெரியாது. அதைச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு உளவாளி, அதுவும் தொலைபேசியில். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கிளர்ச்சியாளர்கள், பொதுமக்கள் யாரும் இல்லை என்று அந்த ஆள் சொன்னார். குறைந்தது ஏழு முறை அவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

விமானம் வேண்டும் என்று கேட்டபோது, தம் படை எதிரியோடு மோதலில் இருப்பதாகச் சொல்லித்தான் கேட்டார்கள். அந்த மணல்திட்டில் ஜெர்மன் வீரர் ஒருவர்கூட இல்லை. வந்த இரண்டு எஃப்-15 விமானங்களின் விமானிகள், முதலில் தாழப் பறந்து ஆட்களைக் கலைக்கட்டுமா என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டார்கள். வேண்டாம் என்று பதில் போனது. இன்னும் பெரிய குண்டைப் பயன்படுத்தும் யோசனையும் வந்தது. அதையும் கிளைன் மறுத்து, 500 பவுண்டு எடையுள்ள இரண்டு குண்டுகள் போதும் என்றார். செப்டம்பர் 4, அதிகாலை 1.49க்குக் குண்டுகள் விழுந்தன.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஜெர்மனி பின்னர் 91 பேரின் குடும்பங்களுக்கும் காயம்பட்ட 11 பேருக்கும் தலா 5,000 டாலர் கொடுத்தது. சட்டப்பொறுப்பை ஏற்றுக் கொடுத்த இழப்பீடு அல்ல, கருணைத்தொகை என்றே கொடுத்தது. அன்று இரவு எரிபொருள் எடுக்கப் போன 12 வயது, 8 வயது அண்ணன் தம்பி இருவரும் இறந்தார்கள். அவர்களுடைய தந்தைதான் பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனவர்.

நம் மேடையில் இந்தச் சம்பவம் தலைப்பானால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஓர் அணி 91 என்ற எண்ணைத் தூக்கிப் பிடிக்கும். மறு அணி தலிபான்களின் கொடுமைகளைப் பட்டியலிடும். இரண்டும் வழக்கைத் தொடவில்லை. வழக்கின் முதல் கேள்வி இதுதான்: அந்தக் குண்டுகளின் இலக்கு லாரிகளா, ஆட்களா?

லாரிகள்தான் என்று வைத்துக்கொள்வோம். எதிரி கையில் இருக்கும் எரிபொருள் இராணுவ இலக்காகும். அந்த லாரிகளையே வெடிகுண்டாக ஓட்டிவந்து முகாமில் மோதிவிடுவார்களோ என்ற அச்சமும் கிளைனுக்கு இருந்தது. அதைக் கற்பனை என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் லாரிகள் மணலில் சிக்கி மணிக்கணக்காகியிருந்தது. அவை ஓடவில்லை. விமானி தாழப் பறந்திருந்தால் ஆட்கள் ஓடியிருப்பார்கள், லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். ஆட்கள் கலைந்தபின் குண்டு போட்டாலும் எரிபொருள் அழிந்திருக்கும். லாரிதான் இலக்கு என்றால், ஆட்கள் தப்பி ஓடுவதால் தாக்கியவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

ஆட்களும் இலக்கு, தலிபான் தலைவர்களைத் தப்பவிடக் கூடாது என்று சொன்னால், இராணுவப் பயன் பெரிதாகிறது. கூடவே சுமையும் ஏறுகிறது. ஆளைக் குறிவைத்தால், அந்த ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும். போராளியையும் பொதுமகனையும் எப்போதும் வேறுபடுத்த வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடித்தளம். ஐயம் வந்தால் அவரைப் பொதுமகன் என்றே கொள்ள வேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. திரையில் தெரிந்தது வெப்பப் புள்ளிகள். காதில் விழுந்தது ஒரே குரல். அதே குரலை ஏழு முறை கேட்டால் ஏழு சாட்சி ஆகாது. விசாரணை நீதிமன்றத்தில் ஒரே சாட்சியை ஏழு தேதியில் கூண்டில் ஏற்றினாலும் சாட்சி ஒன்றுதான் என்பது நம் ஜூனியருக்குக்கூடத் தெரியும்.

தலிபான் கூப்பிட்டுப் போய் எரிபொருள் எடுத்தவன் அவர்களுக்கு உதவியவன்தானே, அவனை எப்படிப் பொதுமகன் என்பது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் காலம்வரை பொதுமகன் தன் பாதுகாப்பை இழக்கிறான் என்பது உண்மை. ஆனால் நேரடி என்ற நிபந்தனையில் சட்டம் கறாராக இருக்கிறது. அவன் செய்யும் செயலே எதிரிக்கு இராணுவத் தீங்கு விளைவிப்பதாக இருக்க வேண்டும். செயலுக்கும் தீங்குக்கும் நடுவே வேறு கண்ணி இருக்கக் கூடாது. ஒரு தரப்புக்குச் சாதகமாக, மறு தரப்புக்கு எதிராகச் செய்ததாகவும் இருக்க வேண்டும். வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் ஆகுமே என்று ஒரு கேன் எண்ணெய் எடுத்தவன் இதில் எதிலும் அடங்க மாட்டான். அவன் எடுத்ததால் லாரியின் பாரம் குறைந்தது என்பதற்காக அவனைப் போராளியாக்கினால், படை நடக்கும் சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவனும் போராளிதான்.

ஆக, முதல் தட்டில் பொதுமக்கள் இருந்தார்கள். கிளைன் அதை அறிந்திருந்தாரா? அறியவில்லை என்றே ஜெர்மன் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் முடிவு செய்து, 2010 ஏப்ரலில் விசாரணையை முடித்துக்கொண்டார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கிளர்ச்சியாளர்கள் என்று கிளைன் நம்பினார், ஆகவே போர்க்குற்றத்துக்குத் தேவையான மனநிலை இல்லை என்பது அந்த முடிவின் அடிப்படை. 2016இல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் இழப்பீட்டு வழக்கையும் தள்ளியது. வெளிநாட்டில் நடக்கும் படை நடவடிக்கைக்கு அரசு அலுவலர் தவறுக்கான பொறுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. அதிகாரி கடமை தவறியதாகவும் அது ஏற்கவில்லை. 2021 பிப்ரவரி 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, ஜெர்மனி நடத்திய விசாரணை போதுமானதே என்று தீர்ப்பளித்தது. குண்டு போட்டது சட்டப்படி சரியா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தின் முன் இல்லவே இல்லை. விசாரித்த விதம் சரியா என்பது மட்டுமே இருந்தது.

நடுவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். எதிரணி எழுந்து, மூன்று நீதி அமைப்புகள் அவரை விடுவித்துவிட்டன, ஆகவே தாக்குதல் சரி என்று சொன்னால், அந்த ‘ஆகவே’ செல்லாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தேவையான அளவுகோல் மிக உயரமானது. பொதுமக்களுக்கு அளவு மீறிய தீங்கு நிச்சயம் நேரும் என்று தெரிந்தே செய்தார் என்பதை ஜெர்மன் சட்டத்தில் மெய்ப்பிக்க வேண்டும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டமும் ‘தெளிவாகவே’ மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. போர்ச் சட்டத்தின் விதி அவ்வளவு உயரத்தில் இல்லை. சரிபார்க்கச் சாத்தியமான அனைத்தையும் செய், தீங்கு குறைவான வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடு, சூழ்நிலை இடம் கொடுத்தால் முன்கூட்டியே எச்சரி, தவறு என்று தெரிந்தால் பாதியிலேயே நிறுத்து என்று 57ஆம் பிரிவு தாக்குகிறவனிடம் கேட்கிறது. இவற்றில் ஒன்றைச் செய்யாதவர் குற்றவாளி ஆகாமல் போகலாம். விதி மீறப்பட்டதா என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

என் கருத்தைக் கேட்டால், குந்தூஸில் மீறப்பட்டது 57ஆம் பிரிவு. அந்த ஜெர்மன் நீதிமன்றம் இதில் என்னோடு உடன்படவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாக்கிய பிறகு தெரிந்ததை வைத்து அதிகாரியை எடைபோடக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காலையில் எண்ணிய பிணங்களை வைத்து நான் பேசவில்லை. அதிகாலை 1.49க்கு முன்னால் அவர் கையில் இருந்தவற்றை வைத்தே பேசுகிறேன்: நகராத லாரிகள், அடையாளம் தெரியாத ஆட்கள், ஒற்றைச் சாட்சி, தாழப் பறக்கத் தயாராக இருந்த விமானிகள். அவகாசம் இருந்தது, வழியும் இருந்தது. சிறிய குண்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கவனம் காட்டியவர், எச்சரித்துக் கலைப்பதை ஏன் மறுத்தார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஒரு மாணவி இந்தக் கட்டம்வரை வந்துவிட்டால், அவள் எந்த அணியில் பேசினாலும் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

இனி நமக்குக் கிட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். அதே 2009. அதே ஆண்டின் மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரைப் பற்றி நம் மேடைகளில் பேசாத ஆண்டே இல்லை. அங்கேயும் நம் பிள்ளைகள் எண்களைத்தான் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். ஓர் அணி அரசுப் படை செய்ததைச் சொல்லும். மறு அணி, புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தார்களே, தப்பி ஓடியவர்களைச் சுட்டார்களே என்று கேட்கும். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும் என்பதுபோல் நடுவரும் தலையாட்டுவார்.

ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை இரண்டையும் சொல்கிறது. மக்களை ஒன்றுகூடச் சொல்லி அரசே அறிவித்த மூன்று பாதுகாப்பு வலயங்களிலும் அரசுப் படை ஷெல் அடித்தது, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன என்பதற்கான நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருக்கின்றன என்கிறது. புலிகள் மக்களைப் போகவிடாமல் பிடித்துவைத்தார்கள், வெளியேற முயன்றவர்களைச் சுட்டார்கள், மக்களுக்கு அருகிலிருந்து பீரங்கி அடித்தார்கள் என்பதற்கும் அப்படியே என்கிறது. சட்டத்தில் இவை இரண்டு தனித்தனி வழக்குகள். 51ஆம் பிரிவின் எட்டாம் பத்தி இதற்காகவே எழுதப்பட்டது. எதிரி மக்களைக் கேடயமாக்கினாலும், தாக்குகிறவனின் கடமை ஒன்றுகூடக் குறையாது. கேடயமாக நிறுத்தப்பட்டவர் பொதுமகனாகவே இருக்கிறார். அவரை எண்ணித்தான் தராசில் வைக்க வேண்டும்.

வலயத்தைக் குறித்ததே தாக்குகிறவர் என்றால் அவருடைய பொறுப்பு இன்னும் கூடும். மக்கள் அங்கே இருப்பார்கள் என்பது அவருக்கு எதிர்பார்ப்புகூட அல்ல, அவரே வரவழைத்தது. குந்தூஸில் கிளைன் சொன்னதுபோல, பொதுமக்கள் இருப்பது தெரியாது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. அப்புறம் மிஞ்சும் கேள்வி ஆயுதத்தைப் பற்றியது. பரப்பளவில் சிதறி விழும் பீரங்கிக் குண்டையும் பல்குழல் ராக்கெட்டையும், மக்கள் கூடாரம் கூடாரமாக நெருங்கிக் கிடக்கும் ஒரு கடற்கரைத் துண்டில் எந்த இலக்கை நோக்கி அடிக்க முடியும்? குறிபார்க்க முடியாத இடத்தில் வேறுபடுத்தும் விதியே உடைந்துவிடுகிறது. விகிதம் பார்ப்பது அதற்கு அடுத்த படி. நம் பேச்சாளர்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டாவதற்குப் போவதால், வலுவான வாதத்தைக் கீழே போட்டுவிட்டு வலுவற்றதைச் சுமக்கிறார்கள்.

சென்ற போட்டி ஒன்றில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இரண்டு அணிகளும் பேசி முடித்தபின், ஆனையூர் அகதி முகாமில் வளர்ந்த ஒரு மாணவி என்னிடம் வந்தாள். “சார், எங்க அப்பம்மா இங்க வராம அங்கயே தங்கிட்டாங்க. வலைஞர்மடத்துல ஷெல் விழுந்துதான் போனாங்க. இவங்க சொன்னதுல அவங்க எந்தப் பக்கத்துக் கணக்குல வர்றாங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எந்தப் பக்கத்திலும் இல்லம்மா, அவர் பொதுமக்களில் ஒருவர், இரண்டு தரப்பும் அவருக்குக் கடன்பட்டவை என்று சொன்னேன். சட்டம் அதைத்தான் சொல்கிறது. மேடையில் அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் போட்டியின் வெற்றிக் கோப்பை, யார் அதிகம் கொன்றார்கள் என்று பட்டியலிட்ட அணிக்குப் போனது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நடைமுறையில் செய்யக்கூடியது. போர் பற்றிய தலைப்பு வரும்போது மதிப்பெண் தாளில் ‘ஆதாரம்’ என்ற கட்டத்தை உடைத்து எழுதுங்கள். பேச்சாளர் ஒரு குறிப்பிட்ட தாக்குதலை எடுத்துக்கொண்டாரா, அல்லது மொத்தப் போரின் எண்ணிக்கையைச் சொன்னாரா என்று பாருங்கள். இலக்கு எது, அது இராணுவ இலக்குதான் என்று தாக்கியவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னாரா? தாக்குவதற்கு முன் என்ன எதிர்பார்க்க முடிந்தது என்பதையும், தாக்கிய பின் தெரியவந்ததையும் பிரித்துப் பேசினாரா? தீங்கு குறைவான வேறு வழி இருந்ததா என்று கேட்டாரா? இந்தக் கேள்விகளைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே இரு அணிகளுக்கும் கொடுத்துவிடுங்கள். எதிரி செய்ததைச் சொல்லித் தன் தரப்பை நியாயப்படுத்தும் வாதத்துக்கு, அது எவ்வளவு உணர்ச்சியோடு பேசப்பட்டாலும், அந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடாதீர்கள். நடைக்கும் குரலுக்கும் வேறு கட்டம் இருக்கிறது, அங்கே தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்று. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் அரங்கில் இருக்கும்போது, இறந்தவர்களின் எண்ணைக் கைத்தட்டல் வாங்கும் இடத்தில் வைத்துப் பேசக் கூடாது என்று பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

அடுத்த பருவப் போட்டிகள் தொடங்கும் முன், நடுவர்களோடும் பயிற்சி தரும் ஆசிரியர்களோடும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் உட்கார்ந்து குந்தூஸ் வழக்கை முழுவதும் படிக்க நான் தயார். 48, 50, 51, 57 ஆகிய நான்கு பிரிவுகளின் தமிழாக்கத்தை நானே தட்டச்சு செய்து எடுத்து வருகிறேன். இடமும் நேரமும் நீங்கள் சொன்னால் போதும்.

அன்புடன்,
உயர் நீதிமன்றக் கிளை வழக்கறிஞர் ஒருவர்
மதுரை